தாமதமாகப் பதில் எழுதுகிறீர்களா? மன்னிப்புக்கு ஒரு வரி போதும்

கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சென்னை நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவிலிருந்து திங்கட்கிழமை மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், நேர்காணலுக்குத் தோதான நேரம் என நான்கு விவரம் கேட்கிறார்கள். அலுவலக நெருக்கடியில் அவர் அதைக் கவனிக்கும்போது வெள்ளிக்கிழமை ஆகிவிடுகிறது.

'இனி எழுதி என்ன பயன்' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சல், நெட்வொர்க் பிரச்சினை, ஊரில் விசேஷம் என்று பத்து வரி விளக்கம் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். எச்.ஆர். அலுவலர் ஒரே சமயத்தில் பல பணியிடங்களுக்கு ஆள் தேடுகிறவர். அவருடைய பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே சில கட்டங்கள் காலியாக இருக்கும். அவை நிரம்பினால்தான் உங்களை அடுத்த சுற்றுக்கு அனுப்ப முடியும். தாமதத்தின் காரணம் அந்தக் கட்டங்களில் எதையும் நிரப்பாது.

எனவே அவர் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை கொடுங்கள். புது மெயில் வேண்டாம். எந்த வேலை, எந்த எண் என்று அவர் தேடாமல் இருக்க அதுவே வழி. எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்:

'தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும். இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் உள்ளது. நீங்கள் கேட்ட சம்பள விவரங்கள் கீழே உள்ளன. நோட்டீஸ் பீரியட் 60 நாள். நேர்காணலுக்குத் திங்கள் மாலை 5 மணிக்கு மேல், அல்லது செவ்வாய் காலை 10 மணிக்கு முன் வர இயலும். புதிய ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.'

'இடம் இன்னும் காலியாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுவதுதான் பெரிய பிழை என்பேன். அவர் பதில் எழுதி, பிறகு நீங்கள் விவரம் அனுப்பி, இன்னும் இரண்டு நாள் போய்விடும். விவரத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள்.

குறித்த நேர்காணலுக்கே போகாமல் இருந்திருந்தால் கதை வேறு. உங்களுக்காகச் சிலர் நேரம் ஒதுக்கிக் காத்திருந்திருப்பார்கள். அங்கே உண்மையான காரணத்தை இன்னொரு வரியில் சொல்லத்தான் வேண்டும்.

மெயில் கன்சல்டன்சியிலிருந்து வந்திருந்தால், பதில் வரவில்லையே என்ற அவசரத்தில் வேறொரு கன்சல்டன்சி வழியாக அதே வேலைக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒரே ரெஸ்யூமே இரண்டு பக்கத்திலிருந்து போனால் யார் அனுப்பிய ஆள் என்ற தகராறு வரும். அதில் உங்களையே ஒதுக்கிவிடவும் கூடும்.

இரண்டு வேலை நாள் பார்த்துவிட்டு, மெயிலின் அடியில் உள்ள எண்ணுக்கு ஒரு முறை அழையுங்கள். இடம் நிரம்பிவிட்டது என்றால், இதே மாதிரி அடுத்த பணியிடம் வரும்போது தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வானவர் வேலையில் சேராமல் போவது ஐ.டி. துறையில் அடிக்கடி நடக்கிறது, அப்போது எச்.ஆர். முதலில் புரட்டுவது, விவரங்கள் முழுமையாக உள்ள பழைய ரெஸ்யூமேக்களைத்தான்.