லட்டுக்கு முன்னால் ஒரு திருத்தம்

சோனி கேமராவில் எஸ்-லாக்3 முறையில் எடுத்த காட்சி வெளிறித் தெரியும். வெள்ளைத் தாள்கூட 61 சதவீத அளவில்தான் பதிவாகும். அதை டிவிக்கான ரெக்.709-க்கு மாற்றும் எண் அட்டவணைதான் கன்வர்ஷன் லட்.

நீலமும் ஆரஞ்சும் ஏற்றும் 'லுக்' லட் வேறு. பெரும்பாலும் மாற்றிய படத்துக்கென்றே அமைந்தது. கன்வர்ஷனை இருமுறை போட்டாலோ நிழல்கள் கருகிவிடும்.

டாவின்சி ரிசால்வில் ஜன்னல் வெளுத்தால், லட்டுக்கு முந்தைய நோடில் கெய்னைக் குறைக்க வேண்டும். கேமராவில் பதிவாகியிருந்தால் மேகம் திரும்பும். லட்டுக்குப் பின்னால் குறைத்தால் வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். நிழலுக்கும் இதே வரிசைதான். வேவ்ஃபார்ம் 0-விலோ 1023-லோ தட்டையாகப் படிந்தால் விவரம் போய்விட்டது. லுக் லட்தான் காரணமென்றால் அதன் வலிமையைப் பாதியாக்கலாம்.