வீடு கிடைக்கத் தாமதமானால்: தொகையா, வட்டியா?

மும்பையிலும் தாணேயிலும் கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் செலுத்திவிட்டு, ஒருபுறம் வாடகையும் மறுபுறம் வங்கித் தவணையுமாக இரட்டைச் சுமை தாங்கும் தமிழன்பர்கள் உண்டு. அவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இரு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் குறித்த நாளில் சுவாதீனம் ஒப்படைக்கப்படவில்லையெனில், வாங்கியவர் விலகிக்கொண்டு, செலுத்திய தொகை முழுவதையும் வட்டியுடன் கேட்கலாம். அன்றி, வீடே வேண்டுமெனில், சுவாதீனம் கிடைக்கும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். எந்த வழி என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவரே, கட்டுபவர் அல்லர். விலகுவோர்க்குப் பணத்தைத் திருப்பித் தருதல் நிபந்தனையற்ற கடமையென்று 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகாராஷ்டிரத்தில் வட்டி வீதம், ஸ்டேட் வங்கியின் எம்.சி.எல்.ஆர். என்னும் கடன் வீதங்களுள் மிக உயர்ந்ததுடன் 2 சதவீதம் கூட்டியதாகும். கணக்கு எளிதாக இருக்க, அதனை 10 சதவீதம் எனக் கொள்வோம். ஒருவர் 2021 ஜனவரித் தொடக்கத்தில் 40 லட்ச ரூபாய் செலுத்தினார். 2023 டிசம்பர் இறுதியில் வீடு தருவதாக ஒப்பந்தம். 2025 டிசம்பர் இறுதியிலும் வீடு தரப்படவில்லை. அவர் விலகினால், பணம் செலுத்திய நாள் முதலாகவே வட்டி கணக்கிடப்படும்: ஐந்தாண்டுக்கு 20 லட்சம், முதலுடன் 60 லட்சம். விலகாது காத்திருந்தால், தாமதமான இரண்டாண்டுக்கு மட்டும் 8 லட்சம். பின்னும் மாதந்தோறும் ஏறத்தாழ 33,300 ரூபாய். விலை ஏறியுள்ள இடத்தில் வீட்டையும், வேலையே நின்றுவிட்ட இடத்தில் பணத்தையும் நாடுவது பொருத்தமாகலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஆணையத்தில் தாம் பதிவு செய்த பிந்தைய தேதியைக் கட்டுபவர் காட்டுவார். ஒப்பந்தத் தேதியை அது மாற்றிவிடாது என்று 2017 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் புதிய தேதி கண்ட துணை ஒப்பந்தத்தில் தாமே கையெழுத்திட்டுவிட்டால் அந்த வாதம் வலுவிழக்கும். குடியிருப்புச் சான்று இல்லாமல் சாவியை மட்டும் நீட்டினாலும் அதனை முறையான சுவாதீனமாக ஏற்க வேண்டியதில்லை.

மகாரேரா எனப்படும் ஆணையத்தின் இணையதளத்தில், 5,000 ரூபாய் கட்டணத்துடன் மனு செய்யலாம். பதிவு செய்த ஒப்பந்தம், பணம் செலுத்திய ரசீதுகள், வங்கிக் கணக்குத் தாள்கள் ஆகியவை வேண்டும். உத்தரவு வந்த பின்னும் கட்டுபவர் பணம் தராவிடில், 40ஆம் பிரிவின்படி அது நில வரி பாக்கியைப் போல் கலெக்டர் வாயிலாக வசூலிக்கப்படும். இந்தக் கட்டத்திலேதான் காலம் மிகக் கடப்பதுண்டு. ஆதலால் கட்டுபவருக்குள்ள பிற சொத்துக்களின் விவரத்தை முன்னரே திரட்டி, வசூல் மனுவுடன் இணைத்துவிடுதல் நன்று.