‘இப்போ மனசு எப்படி இருக்கு?’ ஒரு நாளைக்கு 5 முறை கேட்கும் ஆய்வு: எப்போது கேட்பது, யார் பதில் சொல்கிறார்கள், கணக்கு எங்கே தப்பும்?

“போன வாரம் எப்படி இருந்தீங்க?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? வியாழக்கிழமை வீட்டில் நடந்த சண்டை ஞாபகம் வந்தால் ‘மோசம்’ என்போம். கேட்கிற நேரத்தில் டீயும் பேச்சுமாக இருந்தால் ‘நல்லாத்தான் போச்சு’ என்போம். ஏழு நாளும் அந்த ஒரே பதிலுக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் ஆய்வாளர்கள் வேறு வழியில் கேட்கிறார்கள். வாரக் கடைசியில் ஒரே தடவை கேட்காமல், அன்றாட வேலைக்கு நடுவே, அந்தந்த நேரத்திலேயே கேட்பது. இதற்குப் பெயர் எக்கலாஜிக்கல் மொமென்டரி அசெஸ்மென்ட், சுருக்கமாக இ.எம்.ஏ.

இந்தியாவில் நடந்திருக்கா?

செல்போன் பரவலாகும் முன்பே நடந்திருக்கிறது. சண்டிகரைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் சுமன் வர்மாவும் அமெரிக்காவின் ரீட் லார்சனும் சேர்ந்து, நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்த 8-ம் வகுப்பு மாணவர்கள் 100 பேரிடம் அலாரம் வாட்ச் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு அது எப்போது ஒலித்தாலும், என்ன செய்துகொண்டிருந்தோம், மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும்.

பள்ளி நெருக்கடி பற்றி 2002-ல் வெளியான கட்டுரையில் 4,764 பதில்கள் அலசப்பட்டன. விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு படிப்புக்கே போனது. ஹோம்வொர்க் செய்யும்போது மகிழ்ச்சி குறைந்து பதற்றம் கூடியிருந்தது. ‘படிப்பு எப்படிப் போகுது?’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால், எந்த நேரத்தில் மனசு இறங்குகிறது என்பது தெரிந்திருக்காது.

நம்ம ஊரில் செய்தால்?

விழுப்புரம் மாவட்டம் குயிலாப்பாளையத்தில் இப்படி ஒரு ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஆரோவில்லை ஒட்டிய ஊர். கஃபே சமையலறை, கெஸ்ட் ஹவுஸ், தையல் யூனிட் என்று பலவித வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி இதுதான்: வேலையில் இருக்கும்போது மனசு நல்லா இருக்கா, வீட்டில் இருக்கும்போதா?

காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை 15 மணி நேரம். இதை மூன்று மூன்று மணி நேரமாக 5 பகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பகுதியிலும் ஏதாவது ஒரு நிமிடத்தில் போன் ஒலிக்கும். எந்த நிமிடம் என்பது குலுக்கல் முறைதான். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே குறைந்தது 45 நிமிட இடைவெளி இருக்க வேண்டும். 7 நாளில் ஒருவருக்கு 35 அழைப்புகள். 15 நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த அழைப்பு காலாவதி.

ஏன் தினமும் ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது? தினமும் மதியம் 1 மணிக்குக் கேட்டால், ஒருவருக்கு எப்போதும் சாப்பாட்டு நேரம்தான் பதிவாகும். மூன்றாவது நாளிலிருந்து அவரே அந்த பெல்லுக்காகக் காத்திருக்கவும் ஆரம்பித்துவிடுவார்.

கேள்விகளையும் பேசுகிற தமிழிலேயே வைக்க வேண்டும். ‘தங்கள் மனநிலையை மதிப்பிடுக’ என்றால் பரீட்சை மாதிரி இருக்கும். ‘பெல் அடிக்கிறதுக்குச் சற்று முன்னாடி மனசு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு?’ என்று கேட்டு, 0 முதல் 100 வரை நகர்த்தச் சொல்லலாம். ‘முன்னாடி’ என்பது முக்கியம். பெல் அடித்ததே எரிச்சலாக இருக்கலாம், அது நமக்கு வேண்டாம்.

டென்ஷனைத் தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். மகள் கல்யாணத்தன்று சந்தோஷமும் டென்ஷனும் சேர்ந்தே இருக்குமே! பிறகு, எங்கே இருந்தீங்க, யாரோடு இருந்தீங்க. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பதில் வந்தால் போதுமா?

போதாது. எப்போது வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட வலி உள்ள 80 பேரில் பாதிப்பேருக்குக் காகித டைரி, மீதிப்பேருக்கு மின்னணுக் கருவி. தினமும் 3 முறை, மூன்று வாரம் எழுத வேண்டும். காகித டைரியில் வெளிச்சத்தை உணரும் சென்சார் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. டைரி எப்போது திறக்கப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

காகிதக் குழு 90% பதில்களைச் சரியான நேரத்தில் எழுதியதாகக் குறித்திருந்தது. சென்சார் சொன்னதோ 11%. மின்னணுக் கருவியில் 94%. நிறையப் பேர் டைரியை விட்டுவிட்டு, பிறகு மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் ரெக்கார்டு நோட் எழுதும் கதைதான்.

போனில் நேரம் தானாகப் பதிவாவதால் இந்த ஏமாற்று நடக்காது. ஆனா வேறு ஒன்று நடக்கும். கஃபே சமையலறையில் வேலை செய்யும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். 35-ல் 25 அழைப்புகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அதாவது 71%. பரவாயில்லையே என்று தோன்றும். பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் மற்ற நான்கு பகுதிகளிலும் 7-க்கு 6 பதில், மதியம் 1 முதல் 4 மணி வரையிலான பகுதியில் 7-க்கு 1 மட்டுமே. சாப்பாட்டுக் கூட்டம் நெரியும் அந்த நேரத்தில் அவர் எப்படிப் போனை எடுப்பார்?

ஆக, அவரது கஷ்டமான நேரம்தான் கணக்கில் விடுபடுகிறது. மீதியை வைத்துச் சராசரி எடுத்தால் வேலை நேரம் உண்மையில் இருப்பதைவிட இதமாகத் தெரியும். காலியிடத்தை அவரது சராசரியால் நிரப்பினாலும் அதே தப்புதான். முதலில் சிலரிடம் மூன்று நாள் வெள்ளோட்டம் பார்த்து, தேவையென்றால் பதில் சொல்லும் நேரத்தை எல்லோருக்கும் 30 நிமிடமாக நீட்டலாம். அப்படியும் விடுபட்டால், அதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பதிலுக்கும் காசு கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. எல்லாக் கேள்விக்கும் 50, மூன்றே விநாடியில் முடிந்தது என்று வரிசையாக வந்தால், படிக்காமல் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

கணக்கு எங்கே தப்பும்?

இரண்டு பேரை மட்டும் பார்ப்போம். இருவரும் 25 பதில்கள் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் நபர் இயல்பிலேயே கலகலப்பானவர். வேலையில் 20 பதில்கள், சராசரி 70. வீட்டில் 5 பதில்கள், சராசரி 80.

இரண்டாம் நபர் கொஞ்சம் அமைதியானவர். வேலையில் 5 பதில்கள், சராசரி 40. வீட்டில் 20 பதில்கள், சராசரி 50.

இருவருக்குமே வீட்டில்தான் 10 புள்ளி கூடுதல். இப்போது 50 பதில்களையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிடுங்கள். வேலை: 1,400-ம் 200-ம் சேர்த்து 25-ஆல் வகுத்தால் 64. வீடு: 400-ம் 1,000-மும் சேர்த்து 25-ஆல் வகுத்தால் 56. வேலையில்தான் சந்தோஷம் என்று விடை தலைகீழாகிவிட்டது!

காரணம், வேலையிலிருந்து வந்த பதில்களில் பெரும்பாலானவை கலகலப்பானவருடையவை. அது வேலையின் குணம் இல்லை, அவருடைய குணம். அதனால்தான் ஒருவரின் பதிலை முதலில் அவருடைய வேலை, வீட்டு நேரங்களுக்குள்ளேயே ஒப்பிட்டு, பிறகுதான் எல்லோரையும் சேர்க்க வேண்டும். புள்ளியியலில் இதற்குப் பயன்படுவது பல்நிலை மாதிரி.

ஒரு எச்சரிக்கை

இந்த ஆய்வு எந்த நேரத்தில் மனசு இறங்குகிறது என்று காட்டும். அந்த இடம்தான் காரணம் என்று நிரூபிக்காது. யாருக்கும் நோய் இருக்கிறது என்றும் சொல்லாது.

முக்கியமான இன்னொன்று: ஒருவர் தொடர்ந்து 0, 5 என்று பதில் அனுப்பினால் அதை யார், எப்போது பார்ப்பார்கள் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உடனுக்குடன் யாரும் பார்க்கப் போவதில்லை என்றால், அதைப் பங்கேற்பவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், போனில் சொன்னோமே, யாராவது கூப்பிடுவார்கள் என்று அவர் காத்திருப்பார். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, ஒவ்வொரு முறையும் கேள்வி முடியும் திரையில் இருக்கட்டும்.