படத்துக்குக் கீழே நாலு வரி

தெரிந்தவர் ஒருவர் தம் பெற்றோரின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஆல்பம் தயாரித்தார். குடும்பப் படத்துக்குக் கீழே போடுவதற்கு நாலு வரி எழுதி வந்து காட்டினார். ‘அன்பில் இணைந்த இருமனமே, இன்பம் பொங்கும் திருமணமே’ என்று தொடங்கியது. எதுகை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதே வரிகளை எங்கள் வீட்டுப் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். அதுதான் குறை.

“இதை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைக் காட்டுங்கள்” என்றேன். எட்டுப் பேர் இருந்தார்கள். பட்டுச் சேலை, மாலை, சிரிப்பு எல்லாம் கண்ணுக்கே தெரிகின்றன. கவிதை அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் சட்டைப் பையில் மட்டும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் எட்டிப் பார்த்தன. “இது என்ன?” என்று கேட்டேன். “ஒன்று அம்மாவுடையது. எங்கே போனாலும் மறந்துவிட்டு வந்துவிடுவார். அப்பாதான் எடுத்து வருவார்” என்றார். கவிதை அங்கே கிடைத்துவிட்டது.

சட்டைப் பையில் கண்ணாடி இரண்டு
விட்டு வருவாள் அம்மா என்று;
எட்டுப் பேராய் வீடு வளர்ந்தும்
கட்டிய நாளின் கவனம் அதுவே.

முதல் வரி படத்தில் உள்ள ஒரு பொருளைச் சுட்டுகிறது. படித்தவர் உடனே நிமிர்ந்து அந்தச் சட்டைப் பையைத் தேடுவார். இரண்டாம் வரி, படம் சொல்ல முடியாத காரணத்தைச் சொல்கிறது. மூன்றாவது வரியில் குடும்பம் முழுவதும் வந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகளைக் கடைசி வரி தாங்குகிறது. ‘அம்மா’ என்ற ஒரு சொல்லால் இதைப் பிள்ளைகள் எழுதியது என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஓசைக்கு இரண்டே ஏற்பாடுதான். வரிக்கு நாலு சொல். ஒவ்வொரு வரியிலும் இரண்டாம் எழுத்து ‘ட்’. இதுவே அடி எதுகை. எதுகைக்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வந்தால், வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு அந்த இடத்தில் தடுக்கும். அப்போது மாற்ற வேண்டியது அந்தச் சொல்லை மட்டுமல்ல, வரி முழுவதையும்தான். பெயர்களையும் தேதியையும் கவிதைக்குள் திணிக்காமல், அடியில் சிறிய எழுத்தில் தனி வரியாகப் போடலாம்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்துப் பாருங்கள். வடிவமைக்கும் மென்பொருளில் தமிழ் எழுத்து சில நேரம் உடைந்துபோகும். ‘பேராய்’ என்பதில் கொம்பு இடம் மாறி நிற்கும். தட்டச்சுப் பிழையால் ‘மணநாள்’ ‘மனநாள்’ ஆகும். ‘சட்டைப் பையில்’ என்பதில் ஒற்று விழுந்துவிடும்.

எழுதி முடித்ததும் அந்த நாலு வரியை வேறொரு குடும்பத்தின் படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால், உங்கள் வீட்டுப் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள்.