நாகைக்குத் திருப்பிய படகு வேளாங்கண்ணிக்கு ஏன் போகிறது?

நவம்பர் மாத இரவு, மணி பத்து. நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 30 கடல் மைல் தொலைவில் ஒரு விசைப்படகு. மடியை ஏற்றியாயிற்று, கரைக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜி.பி.எஸ். திரையில் எண்கள் மறைந்துவிடுகின்றன. ஆண்டெனா ஒயருக்குள் உப்புத்தண்ணீர் இறங்கியிருக்கலாம், பேட்டரி போயிருக்கலாம். சில கடல்களில் வேண்டுமென்றே சிக்னலைக் கெடுக்கிறவர்களும் உண்டு. 2017 ஜூன் மாதம் கருங்கடலில் நவரசீஸ்க் துறைமுகத்துக்கு அருகே இருந்த கப்பல்களின் கருவிகள், கப்பல் நிற்கும் இடம் கெலன்ஜிக் விமான நிலையம் என்று காட்டின. தண்ணீரில் மிதக்கும் கப்பல் தரையில் இருக்க முடியாது என்பதால் மாலுமிகள் உடனே பிடித்துவிட்டார்கள். பொய்யான இடம் கடலுக்குள்ளேயே இருந்திருந்தால், தங்கள் கையில் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

அந்தக் கணக்குக்கு டெட் ரெக்கனிங் என்று பெயர். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம், படகு போகும் திசை, வேகம், கடந்த நேரம் ஆகிய நான்கும் தெரிந்தால் இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். நம் படகின் கடைசி இடம் 10°46' வடக்கு, 80°21' கிழக்கு. நாகை கலங்கரை விளக்கமும் ஏறத்தாழ அதே 10°46' வடக்கில், 79°51' கிழக்கில் இருக்கிறது. எனவே நேர் மேற்கே, காம்பஸில் 270 பாகை வைத்து ஓட்ட வேண்டும். கையில் கடல் வரைபடம் இல்லையென்றால் கட்டம் போட்ட நோட்டே போதும். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நம் பக்கத்தில் தீர்க்கரேகைக் கலையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால், இரண்டு பக்கமும் ஒரு கட்டத்துக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்ளலாம். திரை அணைந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கடைசி இடத்தையும் மணியையும் எழுதி வைப்பது. பத்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் அந்தப் பத்து நிமிட ஓட்டம் கணக்கில் சேராமலே போய்விடும்.

அடுத்தது வேகம். இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவர் அணியத்தில் நின்று ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு, “விட்டாச்சு!” என்று குரல் கொடுக்க வேண்டும். பின்பக்கம் நிற்பவர் அது தன்னைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 15 மீட்டர் படகைக் கட்டை 5 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 3 மீட்டர், மணிக்கு 6 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நேரத்தில் ஒரு நொடி பிசகினாலும் விடை ரொம்ப மாறிவிடும். 4 நொடி என்றால் மணிக்கு 7 மைலுக்கு மேல் வரும், 6 நொடி என்றால் 5 மைல்கூட வராது. அதனால் நான்கைந்து முறை போட்டுப் பார்த்துச் சராசரி எடுப்பதுதான் சரி. ஜி.பி.எஸ். நன்றாக இருக்கும் நாளிலேயே எஞ்சினின் எந்தச் சுற்றுக்கு என்ன வேகம் வருகிறது என்று எழுதி வைத்திருப்பது இதைவிட நல்லது. அப்போது ஒரே பாதையில் போகும்போதும் வரும்போதும் வேகத்தைக் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஏனென்றால் ஜி.பி.எஸ். காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். நமக்கு வேண்டியது தண்ணீரைப் பொறுத்த வேகம்.

திசைக்குக் காம்பஸ். தமிழகக் கடற்கரையில் காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான். அதை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்த செல்போனும் ஸ்பீக்கரும் இரும்புச் சாமான்களும் செய்யும் கெடுதல்தான் அதிகம். 5 பாகை பிசகினால் 30 மைல் ஓட்டத்தின் முடிவில் இரண்டரை மைல் தள்ளிப் போயிருப்போம்.

மணிக்கு 6 மைல் வீதம் 30 மைலுக்கு 5 மணி நேரம். விடியற்காலை 3 மணிக்கு நாகை விளக்கு கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். நோட்டில் மணிக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே வருகிறார்கள். வேகத்திலும் திசையிலும் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் 3 மணிக்குப் படகின் எதிரே தெரிவது வேளாங்கண்ணி மாதா கோயிலின் வெளிச்சம்!

காரணம் நீவாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிழக்குக் கரையோரமாகக் கடல்நீர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. பிப்ரவரிக்குப் பிறகு அது திசை மாறி வடக்கே ஓடும். நம் இரவில் தெற்கு நோக்கி மணிக்கு ஒரு மைல் ஓடியது என்று வைத்துக்கொண்டால், 5 மணி நேரத்தில் படகு 5 மைல் தெற்கே இறங்கியிருக்கும். நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் அச்சுறுத்துவது இந்த ஒரு விஷயம்தான். வாடைக்காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளினால் கண்ணால் பார்க்கலாம். திரும்பிப் பார்த்தால் படகு விட்டுச் செல்லும் நுரைத்தடம் நேர் பின்னால் போகாமல் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எத்தனை பாகை சாய்கிறதோ அதைக் கணக்கில் சேர்த்துவிடலாம். நீவாட்டில் அப்படி எதுவும் தெரியாது. படகு, நுரைத்தடம், மிதக்கும் கட்டை எல்லாவற்றையும் அது சேர்த்தே கொண்டுபோகிறது. கட்டை போட்டு வேகம் பார்க்கும்போதும் அகப்படாது. நடுக்கடலில், மேகம் மூடிய இரவில், நாம் தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல எந்த அடையாளமும் கிடையாது. நாகையில் இது ஐந்து மைல் அலைச்சலோடு முடிந்துவிடும். கோடியக்கரைக்குத் தெற்கே, இலங்கையின் கடல் எல்லைக்குப் பக்கத்தில் ஓடும் படகுக்கு இதே ஐந்து மைல் கைது வரை கொண்டுபோய்விடும்.

நீவாடு எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் திருத்துவது எளிது. மணிக்கு 6 மைல் ஓடும் படகை மணிக்கு ஒரு மைல் நீவாடு பக்கவாட்டில் இழுத்தால், படகின் முகத்தை அது வரும் பக்கமாக ஏறத்தாழ 10 பாகை திருப்ப வேண்டும். அதாவது 270க்குப் பதில் 280. நேரத்தில் நாலைந்து நிமிடம்தான் கூடும். அளவு சரியாகத் தெரியாவிட்டால் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வடக்கே வைத்து ஓட்டுவதுதான் என் தேர்வு. கரை தெரியும்போது நாகை இடப்பக்கம்தான் இருக்கும் என்று உறுதியாகத் திரும்பலாம். நேராக நாகைக்கே குறிவைத்துத் தவறினால், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் எண்ணெயைத்தான் எரிக்க வேண்டியிருக்கும்.

எக்கோ சவுண்டருக்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. அது இல்லாவிட்டால் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்க்கலாம். ஆனால் ஆழம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கரை ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகிறது, சம ஆழக் கோடுகளும் பெரும்பாலும் அதையொட்டியே ஓடுகின்றன. எனவே கரை எவ்வளவு தூரம் என்பதை ஆழம் நன்றாகவே சொல்லும், வேகக் கணக்கில் தப்பு இருந்தால் அங்கே பிடிபட்டுவிடும். வடக்கே இருக்கிறோமா தெற்கே இருக்கிறோமா என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்குக் கலங்கரை விளக்கம்தான். ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் தாளம் தனி. கடிகாரம் வைத்து எண்ணி, விளக்குப் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

வேளாங்கண்ணி வெளிச்சத்தை அடையாளம் கண்டதும் நோட்டில் பழைய புள்ளிகளை அழிக்கக் கூடாது. 3 மணிக்குக் கணக்கு காட்டிய இடத்தையும் உண்மையில் நின்ற இடத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அதன் நீளம் 5 மைல், திசை தெற்கு. அதை 5 மணி நேரத்தால் வகுத்தால் அந்த இரவின் நீவாடு கிடைத்துவிடுகிறது. காற்றால் வந்த விலகலை முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் இதில் கலந்துவிடும். அடுத்த நாள் இரவு அதே கடலிலிருந்து திரும்பும்போது, ஜி.பி.எஸ். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், 280 பாகையில் தொடங்கலாம்.