பொட்டின் சிவப்பு எங்கே போனது?

செல்போனில் எடுத்த படத்தைப் பழைய டி.வி. படம் போல மாற்றித் தரும் ஆப்கள் இன்று ஏராளம். பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான்: படத்தின் மேல் குறுக்கே கறுப்புக் கோடுகளை அடுக்கி, கொஞ்சம் புள்ளி தூவி, மூலையில் ஒரு தேதியையும் ஒட்டிவிடும். கல்யாண கேசட்டை டெக்கில் போட்டுப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படம் ஏதோ ஒட்டாததாகவே இருக்கும். காரணம், கேசட் படத்தின் அடையாளம் கோட்டில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. சேலையின் சிவப்பு சேலைக்குள் அடங்காமல் பக்கத்து வேட்டியின் மேல் பரவும். உருவத்தின் விளிம்பு ஓரிடத்தில் முடியும், அதன் நிறம் இன்னும் சற்றுத் தள்ளிப் போய் முடியும். இந்தக் கசிவு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், இலவச மென்பொருளான ஜிம்ப்பிலேயே அதைக் கொண்டுவந்துவிடலாம்.

இந்தியாவில் 1982-ல் கலர் ஒளிபரப்பு தொடங்கியபோது பின்பற்றிய முறைக்கு பால் என்று பெயர். அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். கண்ணுக்குக் காட்டும் கோடுகள் 576. கறுப்பு-வெள்ளைப் படத்துக்கான வெளிச்சத் தகவல் தனியாகவும் நிறத் தகவல் தனியாகவும் போகும். வெளிச்சத்தில் நுணுக்கம் குறைந்தால் நம் கண் உடனே கண்டுபிடித்துவிடும், நிறத்தில் குறைந்தால் அவ்வளவாகக் கவனிக்காது. அதனால் நிறத்துக்கு முதலிலிருந்தே குறைவான இடத்தைத்தான் ஒதுக்கினார்கள். ஒளிபரப்பில் வெளிச்சத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் நிறத்துக்கு ஏறக்குறைய 1.3 மெகாஹெர்ட்ஸ்.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட் இதை இன்னும் இறுக்கியது. அரை அங்குல டேப்பில் அவ்வளவு தகவலையும் எழுத முடியாது. எனவே வெளிச்சத்தை ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்கினார்கள். ஒளிபரப்பில் 4.43 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்த நிறத்தை 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, வெளிச்சத்துக்குக் கீழே இருந்த குறுகிய சந்தில் நுழைத்தார்கள். இதனால் ஒரு கோட்டின் நீளத்தில் வெளிச்சம் சுமார் 300 முறை மாற முடியும் என்றால், நிறத்துக்குச் சுமார் 50 முறைதான் வாய்ப்பு. மெல்லிய பென்சில் ஓவியத்துக்குப் பருமனான தூரிகையால் வண்ணம் பூசியது போன்ற நிலை.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே. வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து, வெளிச்சத்தைக் கொஞ்சமாகவும் நிறத்தை நிறையவும் குலைக்க வேண்டும். முழுப் படத்தையும் ஒன்றாக மங்கவைத்தால் ஃபோகஸ் தவறிய போட்டோதான் கிடைக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கல்யாண வாசல். வாழை மரத்தின் பக்கத்தில் அரக்குச் சிவப்புப் பட்டில் பெண், அவளுக்கு வலப்புறம் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை. முதலில் படத்தை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வெட்டி, 768-க்கு 576 பிக்சலாகச் சுருக்குங்கள். இப்போது படத்தின் ஒவ்வொரு பிக்சல் வரிசையும் டி.வி.யின் ஒரு கோடு. அகலத்தில் 50 நிறங்களுக்குத்தான் இடம் என்பதால், ஒரு நிறம் மாறி இன்னொன்று வர ஏறத்தாழ 15 பிக்சல் பிடிக்கும்.

அடுத்து `Levels` பெட்டியில் `Output Levels` என்பதை 20, 235 என்று வையுங்கள். கறுப்பு சற்று வெளுக்கும், வெள்ளை சற்று இறங்கும். டேப் படத்தில் கறுப்பு முழுக் கறுப்பாக இருந்ததில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது: முழு வெள்ளையின் மேல் எந்த நிறமும் நிற்காது. வேட்டியின் வெள்ளை கொஞ்சம் இறங்கினால்தான் சேலையின் சிவப்பு அதன் மேல் பரவித் தெரியும்.

இனி லேயரை நகல் எடுங்கள். கீழ் லேயர் வெளிச்சத்துக்கு, மேல் லேயர் நிறத்துக்கு. மேல் லேயரின் `Mode` என்ற இடத்தில் `LCh Color` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த லேயரிலிருந்து நிறம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். வெளிச்சம் கீழிருந்து வரும்.

இரண்டு லேயரிலும் முதலில் `RGB Noise` மூலம் லேசாகப் புள்ளிகளைத் தூவுங்கள். பலர் புள்ளிகளை எல்லாம் முடிந்த பிறகு தூவுகிறார்கள். அப்படிச் செய்தால் மங்கிய படத்தின் மேல் கூர்மையான மணல் கொட்டியது தெரிந்துவிடும். டேப்பின் இரைச்சலும் அதே குறுகிய சந்து வழியாகத்தான் வந்தது. அதனால் அதுவும் பக்கவாட்டில் இழுபட்டே தெரியும். முன்பே தூவினால் அடுத்த படி அதைத் தானாகவே இழுத்துவிடும்.

அந்த அடுத்த படி `Gaussian Blur`. அதில் `Size X`, `Size Y` இரண்டையும் பிணைத்திருக்கும் சங்கிலியை விடுவியுங்கள். மேல் லேயருக்கு X 8, Y 1. கீழ் லேயருக்கு X 1.2, Y 0. கசிவு பக்கவாட்டில் மட்டும் நடக்க வேண்டும். டி.வி. ஒவ்வொரு கோட்டையும் இடமிருந்து வலமாகத் தனித்தனியாக வரைந்தது. மேல் கோட்டின் தகவல் கீழ்க் கோட்டோடு அதிகம் கலக்காது. நிறத்தை மட்டும் பால் முறையில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்குச் சராசரி எடுத்தார்கள். அதற்காகத்தான் அந்த ஒன்று.

பிறகு மேல் லேயரை அம்பு விசையால் வலப்புறம் 4 பிக்சலும் கீழே 2 பிக்சலும் நகர்த்துங்கள். டெக்கின் மின்சுற்றில் நிறம் வெளிச்சத்தை விடச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். திரையில் அந்தத் தாமதம் வலப்புறம் தள்ளிய நிறமாகத் தெரியும். கீழே இறங்குவது காப்பி எடுத்ததன் விளைவு. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும் ஒவ்வொரு முறையும் நிறம் சிறிது கீழே நழுவும். காப்பியின் காப்பி வேண்டுமென்றால் மங்கலையும் நகர்த்தலையும் இன்னொரு முறை செய்தால் போதும். ஓரங்களில் தெரியும் மெல்லிய பட்டியை வெட்டிவிடுங்கள்.

கடைசியாகக் கீழ் லேயருக்கு மட்டும் `Sharpen (Unsharp Mask)`. அளவு 3, வலிமை 0.8. மங்கலை மறைக்க டெக்கும் டி.வி.யும் விளிம்புகளைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டின; தோளின் ஓரத்தில் ஒரு வெள்ளை விளிம்பு தெரிந்தது அதனால்தான்.

இப்போது படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். சேலையின் வலது ஓரத்திலிருந்து வேட்டியின் மேல் ஒரு விரற்கடை இளஞ்சிவப்பு படர்ந்திருக்க வேண்டும். சேலையின் ஜரிகைக் கோடுகள் வெளிச்சமாக எண்ணக்கூடிய அளவில் இருக்கும், ஆனால் அவற்றின் பொன்னிறம் சிவப்போடு கலந்து ஒன்றாகியிருக்கும். மூன்றாவது, பெண்ணின் நெற்றிப் பொட்டு. இந்த அளவுப் படத்தில் அது ஐந்தாறு பிக்சல்தான். ஒரு நிறம் நிலைபெற 15 பிக்சல் தேவைப்படும் இடத்தில் அதற்குச் சொந்த நிறம் கிடைக்காது. சிவப்பு முகத்தின் நிறத்தில் கரைந்து, கரும்பழுப்புப் புள்ளி ஒன்று மட்டும் மிஞ்சும். பொட்டு இன்னும் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் நிறக் கசிவு போதவில்லை. பொட்டின் வடிவமே கலைந்துவிட்டால் வெளிச்சத்தையும் சேர்த்துக் குலைத்துவிட்டீர்கள்.

இனி கோடுகள். உண்மையில், வீட்டு டி.வி.யில் கேசட் பார்த்தவர்கள் கோடுகளை அவ்வளவாகப் பார்த்ததில்லை. நொடிக்கு 50 முறை, ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறி ஒளிர்ந்ததால் இடைவெளிகள் நிரம்பிவிடும். தடித்த கறுப்புக் கோடுகள் பழைய வீடியோ கேம்களின் அடையாளம். அவை பாதிக் கோடுகளை மட்டுமே திரும்பத் திரும்ப அனுப்பின. மீதிக் கோடுகள் எப்போதும் இருட்டாகவே இருந்தன. ஆகவே கேசட் படத்துக்குக் கோடு லேசாக இருந்தால்தான் பொருந்தும்.

அதற்குப் படத்தை மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். ஒவ்வொரு டி.வி. கோடும் இப்போது மூன்று பிக்சல் வரிசை. ஒரு பிக்சல் அகலம், மூன்று பிக்சல் உயரத்தில் புதிய படம் ஒன்றைத் திறந்து, மேல் இரண்டை வெள்ளையாகவும் கடைசியைக் கறுப்பாகவும் வைத்து `Copy` செய்தால், அது ஜிம்ப்பில் நிரப்பும் வடிவமாகக் கிடைக்கும். புதிய லேயரை அதனால் நிரப்பி, `Multiply` என்று மாற்றி, அடர்த்தியை 20 சதவீதத்தில் வையுங்கள்.

இந்தக் கோடுகளோடு ஒரு வம்பும் வரும். படத்தை வேறு அளவில் பார்த்தாலோ, அனுப்பும்போது செயலி அதைச் சுருக்கினாலோ, நாம் போட்ட கோடுகள் திரையின் பிக்சல்களோடு ஒத்துப்போகாமல் அகலமான இருட்டுப் பட்டைகளாகத் தெரியும். நூறு சதவீத அளவில் பார்க்கும்போது பட்டை மறைந்துவிட்டால் படத்தில் தவறில்லை, சுருக்கியதில்தான் தவறு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்குக் கோடே போடாமல் விடுவது நல்லது. கோடு போட்ட படத்தை பி.என்.ஜி. ஆகச் சேமியுங்கள், ஜேபெக் அழுத்தம் இந்த மெல்லிய கோடுகளைக் கலைத்துவிடும்.

டேப்பின் தழும்புகளிலும் அளவு வேண்டும். காந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு கோடு உயரத்துக்கு வெள்ளைக் கீற்று தெரியும். மூன்று நான்கு போதும். படத்தின் அடியில் சில கோடுகள் கோணலாக விலகி நிற்பதையும் பலர் சேர்க்கிறார்கள். டெக்கின் சுழலும் உருளையில் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. ஆனால் டி.வி. படத்தின் ஓரங்களைத் திரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டதால் அன்று வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. கேசட்டைக் கணினியில் ஏற்றியபோதுதான் அது வெளியே தெரிந்தது. அன்றைய ஹாலில் பார்த்த படம் வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள்.

நேரம் குறைவென்றால் கோடு, கீற்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற லேயரை மட்டும் செய்யுங்கள். முக்கால்வாசித் தோற்றம் அதிலேயே வந்துவிடும். பரணில் பழைய கேசட் கிடந்தால் அதில் ஒரு காட்சியைக் கணினியில் ஏற்றி, உங்கள் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அளவுகளைத் திருத்துங்கள். ஏற்றும் முன் கேசட்டின் ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுகளையும் கெடுத்துவிடும்; சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள்.