ஒரே பெட்டிக்கு இரண்டு விடைகள்

ஹாசப் தேர்வுத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. அம்புக்குறிகளால் இணைந்த எட்டுப் பெட்டிகள்: பால் கொள்முதல், வடிகட்டல், குளிர்வித்துச் சேமித்தல், பாஸ்டரைசேஷன், மீண்டும் குளிர்வித்தல், பாக்கெட்டில் அடைத்தல், குளிர் அறை, விநியோகம். கீழே ஒற்றை வரி: “முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கண்டறிந்து காரணம் கூறுக.”

உணவில் ஆபத்து எங்கே நுழையும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அது சாப்பிடுபவரை எட்டுமுன் தடுக்கும் முறைதான் ஹாசப். அதன் 7 கோட்பாடுகளில் இரண்டாவதுதான் இங்கே கேட்கப்படுகிறது. கட்டுப்பாடு தவறினால் ஆபத்தைத் தடுக்க வேறு வழி இல்லாத இடமே முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக சி.சி.பி. என்பார்கள்.

மாணவர்கள் பெட்டி பெட்டியாகப் போவதுதான் வழக்கமான தவறு. சிலர் எட்டுக்கும் வட்டம் போடுவார்கள். சிலர் பாஸ்டரைசேஷனுக்கு மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் கேட்க வேண்டியது “இந்தப் பெட்டி முக்கியமா?” என்றல்ல, “இந்த ஆபத்துக்கு இந்தப் பெட்டி முக்கியமா?” என்று.

இதற்கு உதவுவது கோடெக்ஸ் அமைப்பு 1997-இல் வெளியிட்ட ‘முடிவு மரம்’. அதில் நான்கு கேள்விகள். ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறதா? அதை ஒழிக்கவோ போதிய அளவு குறைக்கவோ என்றே இந்தப் படி அமைந்ததா? இல்லையென்றால், ஆபத்து இங்கே எல்லை மீறக்கூடுமா? மீறினால், பின்னால் வரும் ஏதேனும் படி அதைச் சரிசெய்துவிடுமா? இந்த நான்காவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பச்சைப் பாலில் சால்மோனெல்லா இருக்கலாம். எட்டுப் பெட்டிகளிலும் கிருமி அதிகம் வரக்கூடிய வாசல் இதுதான். ஆனாலும் சால்மோனெல்லாவைப் பொறுத்தவரை கொள்முதல் சி.சி.பி. அல்ல; மூன்று படி தள்ளி பாஸ்டரைசேஷன் காத்திருக்கிறது. 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி நின்றால் அந்தக் கிருமி மடிந்துவிடும். அதற்கென்றே அமைந்த படி என்பதால் இரண்டாம் கேள்விக்கு ‘ஆம்’. பாஸ்டரைசேஷனுக்கு வட்டம் போடலாம்.

இப்போது அதே கொள்முதல் பெட்டிக்கு வேறோர் ஆபத்தோடு திரும்புவோம். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை விற்கக் கூடாது. யாரோ ஒருவர் அவசரப்பட்டு ஊற்றிவிட்டால் மருந்தின் எச்சம் டேங்கர் முழுக்கக் கலந்துவிடும். பாஸ்டரைசேஷனின் சூடு அதை நீக்காது, வடிகட்டியும் பிடிக்காது. பின்னால் காப்பாற்ற ஒரு படியும் இல்லை. அதனால் டேங்கரிலிருந்து மாதிரி எடுத்து, சோதனைப் பட்டையை நனைத்து, முடிவு தெரிந்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். கிருமிக்கு சி.சி.பி. இல்லாத பெட்டி, ஆன்டிபயாடிக்குக்கு சி.சி.பி. ஆகிவிட்டது. விடைத்தாளில் ஆபத்தின் பெயரை எழுதாமல் வெறுமனே ‘கொள்முதல்’ என்று எழுதினால் மதிப்பெண் குறைவது இதனால்தான்.

மூன்றாம் பெட்டியில் இன்னொரு நுட்பம். சேமிப்புத் தொட்டியின் குளிர் பல மணி நேரம் கெட்டுப்போனால் ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகி நச்சை உண்டாக்கலாம். பாஸ்டரைசேஷனில் கிருமி சாகும், அது விட்டுச்சென்ற நச்சு சாகாது. “பின்னால்தான் சூடாக்கப் போகிறோமே” என்ற விடை இங்கே பிழை. மரத்தின்படி போனால் சேமிப்பும் சி.சி.பி. தான். பால் எப்போதும் 4 டிகிரியில் இருந்து, சில மணி நேரத்தில் அடுத்த படிக்குப் போய்விடும் ஆலையில், அதை அன்றாடக் குளிர்பதன ஒழுங்காகவே வைத்துக்கொள்ளலாம் என்று வாதிடவும் இடமுண்டு. எதை எழுதினாலும் காரணம் கூடவே வர வேண்டும்.

பாக்கெட் அடைக்கும் பெட்டி பலரையும் குழப்பும். அதற்குப் பின் சூடே இல்லை, ஆகவே சி.சி.பி. என்று தோன்றும். இயந்திரத்தின் சுத்தம், பணியாளரின் கை, பாக்கெட் உறையின் தூய்மை எல்லாம் ஆலை முழுமைக்குமான சுகாதார ஒழுங்குகளில் அடங்குபவை. அவை அடித்தளம்; மரத்தை அதன்மேல்தான் நட வேண்டும்.

வட்டம் போட்டு முடிந்ததும் படத்தில் ஒரு கோட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். சூடாக்கும் கருவியில் பால் 15 நொடி நிற்கும் குழாயின் முடிவில் ஒரு வால்வு இருக்கும். வெப்பம் 72-க்குக் கீழே இறங்கினால் அது தானாகத் திரும்பி, பாலைத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். படத்தில் அந்தத் திரும்பும் அம்பு இல்லையென்றால், சூடு குறைந்த பால் எங்கே போகிறது என்று படம் சொல்லவில்லை என்று பொருள். அந்தக் குறையையும் விடையில் ஒரு வரி எழுதலாம். தொழிற்சாலையிலும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழாயோடு குழாயாக நடந்து சரிபார்த்த பிறகே குழு ஆபத்துகளைப் பட்டியலிட உட்காரும்.